டிராலி பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டியை வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், தூக்கி எடை பார்க்கிறார்கள், திறந்து அறைகளை எண்ணுகிறார்கள். கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பெட்டியின் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தச் சக்கரம்தான்.

சக்கரத்தின் வெளிவட்டத்தில் ரப்பர் போலத் தெரிவது பல பெட்டிகளில் பாலியூரித்தேன். காற்றின் ஈரமும் சூடும் அதை மெல்லச் சிதைத்துவிடும். சில வருடம் பரணில் கிடந்த பெட்டியை இறக்கி உருட்டினால், சக்கரம் கருப்புத் துண்டுகளாக உதிர்வது இதனால்தான். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தேயும் பொருள் இது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம் போகும்.

எனவே கழற்றி மாற்றக்கூடிய சக்கரமா என்பதுதான் முதல் கேள்வி. உள்பக்கத் துணியின் ஜிப்பைத் திறந்தால் சக்கரக் கூடு திருகாணியில் நிற்கிறதா, ரிவிட் அடித்திருக்கிறதா என்று தெரியும். திருகாணி என்றால் வேலை சுலபம். ரிவிட் அடித்த அச்சையும் ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிட்டு, போல்ட்டும் நட்டும் போட்டுப் புதுச் சக்கரம் மாட்டலாம். அதற்குச் சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றும் தேவை. 50 மி.மீ. விட்டம், 18 மி.மீ. அகலம், 6 மி.மீ. அச்சு என்று அளந்து கேட்டால் சரியானது கிடைக்கும். உடைந்தது கூடு என்றால் இந்த வழி உதவாது. அதே மாடலின் பாகமே வேண்டும்.

ஓட்டில் ஏபிஎஸ் விலை குறைவு, விறைப்பானது. பலமாக அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட் அழுத்தத்துக்கு வளைந்து, மறுபடி பழைய வடிவத்துக்கு வரும். பாலிபுரொப்பிலீனும் வளைந்து கொடுக்கும், எடையும் குறைவு. கீறினால் பசை மட்டும் ஒட்டாது. மூடிய பெட்டியின் நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

ஜிப்பில் ஒரு ரகசியம் உண்டு. ஒற்றை வரிசைச் சுருள் ஜிப்பைப் பால்பாயிண்ட் பேனா முனையால் குத்திப் பிரிக்கலாம். பூட்டியிருக்கும் ஓடியை ஒருமுறை இழுத்துவிட்டால் திறந்த தடயமே இருக்காது. இரட்டை அடுக்கு ஜிப் இதைத் தாங்கும். ஓடி கடந்த பிறகும் பற்கள் பிரிந்து நின்றால், பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஓடி மட்டுமே. அதை மாற்றினால் போதும், முழு ஜிப்பும் தேவையில்லை.

உத்தரவாத அட்டையில் வருடக் கணக்கைவிட விலக்குகளே முக்கியம். பல நிறுவனங்கள் தயாரிப்புக் குறையை மட்டும் ஏற்கும். தேய்மானமும் விமான நிறுவனம் உடைத்ததும் சேராது. அமெரிக்காவின் பிரிக்ஸ் அண்ட் ரைலி போல, விமானத்தில் உடைந்ததையும் சரிசெய்து தருவதாகச் சொல்பவர்கள் அரிது. வாங்கும்போதே உள்ளூரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, இந்த மாடலுக்குச் சக்கரக் கூடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். இடமில்லை என்று கேபின் பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்பி, அது உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் லக்கேஜ் கவுண்டரில் புகாரை எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.