என் பெயரில் ஏழு

காலை 9 மணிக்கு நான் சென்னையில் மடிக்கணினியைத் திறக்கும்போது சிங்கப்பூரில் 11:30. அங்கே என் சகா ஒருவர் வேலைக்கு வந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் நேற்று மாலை எழுதி முடித்த நிரல் மாற்றம் ஒன்று, நான் படித்து ‘சரி’ சொல்வதற்காகக் காத்திருக்கிறது. ஜெர்மனியில் இருப்பவர் இன்னும் தூக்கத்தில் இருப்பார். அமெரிக்க மேற்குக் கரையில் நேற்றைய இரவுச் சாப்பாடே இப்போதுதான் முடிந்திருக்கும். காப்பி ஆறுவதற்குள் நான் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: இவர்களில் யாருடையதை முதலில் எடுப்பது?

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பத்திரிகை அலுவலகத்தில் நிருபர் எழுதியது அப்படியே அச்சுக்குப் போவதில்லை, உதவி ஆசிரியர் ஒருவர் படித்த பிறகே போகிறது. மென்பொருளிலும் அப்படித்தான். ஒருவர் நிரலில் ஒரு மாற்றம் செய்தால் அதைத் தனியாகக் கட்டி, “இதைப் பொது நிரலில் சேர்க்கலாமா?” என்று கேட்டு வைப்பார். கிட்ஹப் தளத்தில் இதற்குப் பெயர் புல் ரிக்வெஸ்ட், அலுவலகப் பேச்சில் பி.ஆர். இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து ஒப்புதல் தருவது ரிவ்யூ. ஒப்புதல் வரும்வரை எழுதியவர் அதைச் சேர்க்க முடியாது.

காத்திருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார், அடுத்த வேலையை எடுத்துவிடுவார். அந்த அடுத்த வேலை பெரும்பாலும் இந்த வேலையின் மேலேயே எழும்புவது என்பதுதான் தொல்லை. கீழ்த்தளத்துக்கு அனுமதி வராமலே மேல்தளம் கட்டுகிற கதை. மூன்றாம் நாள் நான் வந்து “இந்தத் தூண் இங்கே வேண்டாமே” என்றால் இரண்டு தளத்தையும் இடிக்க வேண்டும்.

ஆகவே காலையில் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே, கிட்ஹப் தேடல் பெட்டியில் இந்த வரியைப் போட்டுவிடுவேன்:

```
is:open is:pr draft:false user-review-requested:@me sort:created-asc
```

என் பெயரைக் குறிப்பிட்டு ரிவ்யூ கேட்ட பி.ஆர்.கள், மிகப் பழையது முதலில் என்று வரும். `user-` என்ற அந்த முன்னொட்டு முக்கியம். அது இல்லாவிட்டால் என் குழு மொத்தத்திடமும் கேட்கப்பட்டவை எல்லாம் சேர்ந்து கொட்டும். கடைசியில் உள்ள `created` என்ற சொல்லை அனுபவம் கற்றுக்கொடுத்தது. முன்பு `updated` என்று போட்டு, கடைசியாக அசைந்த தேதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். பொறுமை இழந்து “பார்த்தீர்களா?” என்று யாராவது ஒரு குறிப்பு எழுதினால், அந்தக் குறிப்பே புது அசைவாகக் கணக்கிடப்பட்டு அவருடைய பி.ஆர். பட்டியலின் அடிக்குப் போய்விடும். வரிசையில் நின்று சத்தம் போட்டவரைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியதைப்போல.

ஒரு செவ்வாய்க்கிழமைப் பட்டியலைச் சொல்கிறேன். ஏழு இருந்தன. எழுத்துப்பிழை திருத்தம், நூலகப் பதிப்பு மாற்றம் என்று மூன்று சின்னவை பத்து நிமிடத்தில் முடிந்தன. ஒன்றில் தானியங்கிச் சோதனை சிவப்பில் இருந்தது. பதிவைத் திறந்தால் அவர் தொடவே தொடாத வேறு பகுதியின் சோதனை, அடிக்கடி காரணமின்றி விழுகிற ஒன்று. அவர் தன் நிரலில் பிழை தேடி அலைய வேண்டாம், சோதனையை மறுபடி ஓட்டினால் போதும் என்று எழுதினேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஒன்றை மதியத்துக்குத் தள்ளினேன், இரவு 9:30 வரை அங்கே யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். மீதம் இரண்டு, சிங்கப்பூருடையதும் ஜெர்மனியுடையதும்.

வயதில் ஜெர்மனியுடையதுதான் மூத்தது. ஆனால் நான் முதலில் எடுத்தது சிங்கப்பூருடையதை. அவர் மாலை 6 மணிக்குக் கிளம்பிவிடுவார், நமக்கு அப்போது 3:30. நான் 4 மணிக்குக் கேட்கிற ஒரு சிறு கேள்விக்கு மறுநாள் காலையில்தான் பதில் வரும். அதற்கு நான் மறுபடி 4 மணிக்குப் பதில் சொன்னால் இன்னொரு நாள். மொத்தமே ஐந்து நிமிடப் பேச்சு, அது மூன்று நாளாக நீளும். ஜெர்மனிக்காரர் கோடைக் காலத்தில் வேலைக்கு வருவது நம் நேரம் 12:30க்கு. அதுவரை அவருடையது என் மேசையில் கிடந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை.

சிங்கப்பூர் மாற்றம் 38 வரி. கடையில் கூப்பன் கொடுத்தால் விலையைக் குறைப்பது. அதன் நடுவில் இது இருந்தது:

```python
def final_price(price, coupon):
    return price - coupon.amount
```

படித்தால் குறை தெரியாது. 100 ரூபாய்ப் பொருளுக்கு 150 ரூபாய்க் கூப்பன் கொடுத்துப் பாருங்கள், விலை மைனஸ் 50. வாங்க வந்தவருக்குக் கடை பணம் கொடுக்கும். சோதனைகள் எல்லாம் பச்சையில்தான் இருந்தன, காரணம் எழுதியவர் விலையைவிடச் சிறிய கூப்பன்களை மட்டுமே சோதித்திருந்தார். எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது, `final_price` என்ற பெயருக்குப் பதில் `payable` என்று வைத்தால் அழகாக இருக்கும்.

இரண்டையும் ஒரே குரலில் எழுதினால் எழுதியவர் இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்வார். பெயரை மாற்ற ஏழு கோப்புகளைத் தொடுவார், அதில் ஒரு மணி நேரம் போகும். ஆகவே பெயரைப் பற்றிய குறிப்பின் தொடக்கத்தில் `nit:` என்று போட்டேன். ‘என் ரசனை, விட்டுவிட்டாலும் பரவாயில்லை’ என்பதற்கு இந்தத் தொழிலில் வழங்கும் குறி அது. மைனஸ் விலைக்கு அந்தச் சலுகை கிடையாது. “இதைத் திருத்தாமல் சேர்க்க முடியாது” என்று எழுதி, திருத்திய வரியையும் நானே கொடுத்தேன்:

```python
    return max(0, price - coupon.amount)
```

கிட்ஹப்பில் இப்படிப்பட்ட வரியை `suggestion` ஆக எழுதினால், அவர் ஒரு பொத்தானை அழுத்தினாலே அது நிரலில் ஏறிவிடும். “எதிர்ம விலையைக் கையாளவும்” என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் என்ன செய்வது என்று என்னையே திரும்பக் கேட்டிருப்பார்.

இனிப் பொத்தான். மூன்று உண்டு: `Comment`, `Approve`, `Request changes`. சின்னத் திருத்தம்தானே, நம்பி இப்போதே `Approve` கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பல இடங்களில் அது நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் களஞ்சியத்தில் ஒரு விதி இயக்கத்தில் இருக்கிறது, ஒப்புதலுக்குப் பிறகு புதிதாக ஒரு வரி ஏறினாலும் பழைய ஒப்புதல் ரத்து. நான் தருகிற ஒப்புதல், நான் சொன்ன திருத்தத்தை அவர் ஏற்ற நொடியிலேயே காணாமல்போகும். பணம் சம்பந்தப்பட்டதும்கூட. `Request changes` அழுத்தினேன்.

அழுத்தியதும் அந்த பி.ஆர். என் பட்டியலிலிருந்து மறைந்தது. என்னை மாட்டவைத்த இடம் இதுதான்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன் அனுப்பியதற்கு வெள்ளிக்கிழமை காலையில் இதேபோல் `Request changes` கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவன் திருத்தி ஏற்றிவிட்டான். திங்கள் காலை என் பட்டியல் காலி. செவ்வாயும் காலி. கடமையை முடித்த திருப்தியோடு இருந்தேன். புதன்கிழமை அவன் என் மேசைக்கு அருகே வந்து நின்று, “அக்கா, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா?” என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நடந்தது இது. ஒருவர் ரிவ்யூ கொடுத்ததும், அவரிடம் கேட்ட கோரிக்கை நிறைவேறியதாகக் கிட்ஹப் எடுத்துக்கொள்கிறது. ‘கேட்கப்பட்டவை’ பட்டியலில் அது இனி வராது. எழுதியவர் திருத்தி ஏற்றினாலும் தானாகத் திரும்பி வராது. ரிவ்யூ செய்பவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாகச் சுழலும் அம்புகள் போல ஒரு சின்னக் குறி இருக்கும், அதை அழுத்தினால்தான் கோரிக்கை மறுபடி எழும். புதியவர்களுக்கு அது தெரிவதில்லை. இதற்கிடையே என் தடை மட்டும் அப்படியே நிற்கும். வேறொருவர் ஒப்புதல் தந்தாலும் அது விலகாது. நான் மனம் மாற வேண்டும், அல்லது அனுமதி உள்ள ஒருவர் என் ரிவ்யூவைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஐந்து நாள் அவன் கையைக் கட்டியது நான். அது என் திரையில் தெரியவே இல்லை.

அன்றிலிருந்து காலையில் இரண்டாவதாக ஒரு தேடலும் உண்டு:

```
is:open is:pr reviewed-by:@me review:changes_requested -author:@me
```

நான் ஏற்கெனவே கருத்துச் சொல்லி, இன்னும் தடையில் நிற்பவை. ஒவ்வொன்றிலும் என் கருத்துக்குப் பிறகு புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஏறியிருந்தால் பட்டியலில் உள்ள எதையும்விட அதற்கே முதலிடம். அந்த ஆள் தன் பங்கை முடித்துவிட்டார், எனக்கும் முன்பே படித்த நிரல் என்பதால் ஐந்து நிமிட வேலை.

இனி ஜெர்மனியிலிருந்து வந்தது. 940 வரி. இதை எப்போது படிப்பது? கூகுள் பொறியாளர்களுக்கான ரிவ்யூ வழிகாட்டி பொதுவெளியிலேயே கிடைக்கிறது. ரிவ்யூ கேட்டால் அதிகபட்சம் ஒரு வேலைநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் ஆழ்ந்து நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது அதற்காக எழுந்திருக்க வேண்டாம் என்கிறது அது. முழுதாகப் படிக்க நேரமில்லையென்றால் எப்போது படிப்பீர்கள் என்றாவது சொல்லச் சொல்கிறது. அந்த நிறுவனத்தில் நடக்கும் ரிவ்யூக்களைப் பற்றி 2018இல் வந்த ஆய்வில், மாற்றங்களின் நடுத்தர அளவு 24 வரிதான். 940 வரி ரிவ்யூவுக்கு வந்தால் நடப்பது இரண்டிலொன்று. நாளை, நாளை என்று தள்ளுவோம், அல்லது மேலோட்டமாக உருட்டிவிட்டு “நன்றாக இருக்கிறது” என்போம். இரண்டாவது இன்னும் மோசம்.

பதினைந்து நிமிடம் மட்டும் ஒதுக்கினேன். விளக்கத்தைப் படித்து, எந்தெந்தக் கோப்புகள் என்று பார்த்தேன். ஏறத்தாழ 600 வரி வெறும் பெயர் மாற்றம், ஒரே சொல் நூற்றுக்கணக்கான இடங்களில். மீதியில்தான் உண்மையான வேலை: தரவுத்தள அட்டவணையில் ஒரு புதுப் பத்தி, அதைக் காட்டும் ஒரு திரை. “போகிற திசை சரி. பெயர் மாற்றத்தை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்புங்கள், வந்த அரை மணியில் ஒப்புதல் தருகிறேன். தரவுத்தள மாற்றத்தை நிதானமாகப் படிக்க வேண்டும், இன்று உங்கள் மதியத்துக்குள் முடிக்கிறேன்” என்று எழுதினேன். 12:30க்கு அவர் வந்தபோது அந்தப் பதில் காத்திருந்தது. திசை சரி என்பது தெரிந்ததால், அடுத்த வேலையை அதன் மேல் பயமின்றித் தொடங்கினார்.

அன்று எல்லாமாக ஐம்பது நிமிடம் ஆனது. பிறகுதான் என் சொந்த வேலைக்கு வந்தேன். மூன்று நாளாக என் பி.ஆர். ஒன்றை யாருமே தொடவில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கோபம் இருந்தது. திறந்து பார்த்தால் தலைப்பின் கீழே சாம்பல் நிறத்தில் `Draft` என்று இருந்தது. அரைகுறையாக இருந்தபோது போட்ட அடையாளத்தை எடுக்க மறந்திருக்கிறேன். குழுவில் எல்லோருக்கும் நான்தான் அந்த முதல் தேடல் வரியைக் கொடுத்திருந்தேன், `draft:false` உட்பட.