திங்கட்கிழமை மூன்று நிமிடம்

“இங்கிலீஷ் நல்லாப் பேசணும்.” அலுவலகம் போகும் தமிழர்களில் எத்தனையோ பேர் மனத்தில் வருடக்கணக்காகக் குடியிருக்கும் ஆசை இது. ஒவ்வொரு ஜனவரியிலும் புத்துயிர் பெறும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டுவார்கள், நாலு வகுப்புக்குப் பிறகு போக மாட்டார்கள். கைபேசியில் ஒரு செயலி இறங்கும், ஒரு வாரம் ஓடும். பிறகு, “எனக்கு விடாமுயற்சி பத்தாது” என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டு அடுத்த ஜனவரிக்குக் காத்திருப்பார்கள். விடாமுயற்சியைக் குறை சொல்லும் முன் அந்த வாக்கியத்தைப் பாருங்கள். ‘நல்லா’ என்றால் எவ்வளவு? யாரிடம் பேச? எப்போதைக்குள்? இவற்றில் எதற்கும் அதில் பதில் இல்லை. பதில் இல்லாத ஆசையை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்வது என்று யாராலும் முடிவு செய்ய முடியாது.

இந்தக் கேள்விகளை ஒழுங்கான வரிசையில் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் க்ரோ. கோல், ரியாலிட்டி, ஆப்ஷன்ஸ், வில் என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. எது வேண்டும், இப்போது என்ன நிலை, என்னென்ன வழிகள், எதைச் செய்யப் போகிறேன் என்பவைதான் அந்த நான்கும். 1980களில் பிரிட்டனில் மேலாளர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த சிலர் சேர்ந்து இதற்கு வடிவம் கொடுத்தார்கள். அவர்களில் அதிகம் அறியப்பட்டவர் ஜான் விட்மோர். இளமையில் அவர் கார் பந்தய வீரர். 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் போட்டியில் சாம்பியன் பட்டம் வென்றவர். 1992இல் அவர் எழுதிய ‘கோச்சிங் ஃபார் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற நூல் இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

விட்மோருக்கு வித்து வந்தது டென்னிஸ் களத்திலிருந்து. அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் திமோத்தி கால்வே 1974இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரரைத் தடுப்பது எதிராளியைவிட அவர் தலைக்குள் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கும் குரல்தான் என்று சொல்லியிருந்தார். விட்மோர் அதை ஓர் எளிய உதாரணத்தால் விளக்குவார். ‘பந்தைப் பார்’ என்று கத்தினால் ஆட்டக்காரர் சற்று நேரம் பார்ப்பார், பிறகு மறந்துவிடுவார். ‘வலையைத் தாண்டி வரும்போது பந்து எந்தப் பக்கம் சுழல்கிறது?’ என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது அவர் பந்தைப் பார்த்தே ஆகவேண்டும். கட்டளை செய்யாத வேலையைச் சரியான கேள்வி செய்கிறது. க்ரோ முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நமக்கு நாமே இதைச் செய்துகொள்ளும்போதும் அறிவுரை சொல்லிக்கொள்ளக் கூடாது. கேள்விதான் கேட்க வேண்டும்.

பயிற்சியாளர் எதிரில் இல்லாமல் தனியாகச் செய்வதென்றால் எழுதியே ஆகவேண்டும். மனத்துக்குள்ளேயே கேட்டுப் பதில் சொன்னால், சங்கடமான கேள்வியை மனம் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். ஒரு நோட்டு, ஒரு மணி நேரம், தொந்தரவில்லாத இடம் போதும். மதுரையில் ஒரு தனியார் நிறுவனக் கிளையில் விற்பனைப் பொறுப்பில் இருக்கும் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பக்கத்தில் இலக்கு. அவர் எழுதுவது: ‘ஆறு மாதத்தில் தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேச வேண்டும்.’ அடுத்த கேள்வி: ‘அது நடந்துவிட்டது என்று எனக்கு எதை வைத்துத் தெரியும்?’ பேனா நிற்கிறது. ‘ஏரியா மேனேஜர் ஆகிவிடுவேன்’ என்று எழுதுகிறார். விட்மோர் இங்கே ஒரு வேறுபாட்டை வற்புறுத்துவார். பதவி உயர்வு என்பது இறுதி இலக்கு. அது மேலதிகாரி, காலியிடம், போட்டியாளர் எனப் பலர் கையில் இருக்கிறது. நம் கையில் இருப்பது செயல்திறன் இலக்கு மட்டுமே. இரண்டும் வேண்டும். முதலாவது ஊக்கம் தரும், இரண்டாவதை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். அப்படியொன்றை அவரால் இன்னும் எழுத முடியவில்லை. பரவாயில்லை, அரைகுறையாகவே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

அடுத்தது இப்போதைய நிலை. தனியாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் இங்கே நாம் உண்மைக்குப் பதிலாகத் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். ‘எனக்கு இங்கிலீஷ் வராது’, ‘கூச்ச சுபாவம்’, ‘தமிழ் மீடியம்ல படிச்சேன், என்ன பண்றது.’ இவையெல்லாம் தீர்ப்புகள். தீர்ப்பை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ‘ஏன் இப்படி இருக்கிறேன்?’ என்று கேட்டாலும் இதேதான் நடக்கும். ‘ஏன்’ என்பது குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும், பதிலாகச் சாக்குதான் வரும். எப்போது, எங்கே, யாரிடம், எத்தனை தடவை, அப்போது என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். எழுதியது உண்மையா தீர்ப்பா என்று அறிய ஒரு சோதனை உண்டு: பக்கத்தில் ஒரு கேமரா இருந்திருந்தால் அது பதிவாகியிருக்குமா?

நம் மதுரைக்காரர் கடந்த ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறார். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் தினமும் எழுதுகிறார், அதில் சிரமமில்லை. வாடிக்கையாளர்களிடம் தமிழில்தான் பேச்சு. ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு சக ஊழியரிடம் டீக்கடையில் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறார்; அப்போது தயக்கம் வந்ததாக நினைவில்லை. வாய் அடைத்துப்போனது ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை தலைமை அலுவலகத்தோடு நடக்கும் வீடியோ கூட்டம். மாதத்தில் நான்கு கூட்டங்கள். நான்கிலும் கிளையின் விற்பனைக் கணக்கை, தானே தயாரித்திருந்தும், பக்கத்தில் இருந்த இளையவரைச் சொல்ல வைத்திருக்கிறார். இதுவரை என்ன செய்து பார்த்தேன் என்ற கேள்விக்கு, ‘ஒரு வகுப்பு; அங்கே இலக்கணம் நடத்தினார்கள்’ என்று எழுதுகிறார். இலக்கணம் அவருக்கு ஏற்கெனவே வரும்.

எழுதி முடித்துப் படிக்கும்போது பிரச்சினையே வேறு உருவத்தில் தெரிகிறது. அவருக்கு ஆங்கிலம் வருகிறது. பலர் பார்க்க, எண்களைச் சொல்லி, எதிர்க்கேள்விக்குப் பதில் தருவதுதான் வரவில்லை. இப்போது முதல் பக்கத்துக்குத் திரும்பி இலக்கை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்: ‘எட்டு வாரத்துக்குள், திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் கிளையின் விற்பனை அறிக்கையை மூன்று நிமிடம் நானே சொல்லி, குறைந்தது ஒரு கேள்விக்காவது பதில் தர வேண்டும்.’ இப்படித் திரும்பிப் போவது முறையை மீறுவதாகாது; அதற்கும் சேர்த்துத்தான் இந்த முறை. ஆனாலும் இலக்கை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய நிலையிலிருந்து தொடங்கினால், நேற்று முடியாதது நாளையும் முடியாது என்று கருதி இலக்கைச் சுருக்கிக்கொள்வோம்.

மூன்றாவது பக்கம் வழிகளுக்கானது. இதில் விதி ஒன்றுதான்: எழுதி முடிக்கும்வரை எதையும் எடை போடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வழிகள் எல்லாருக்கும் தோன்றுபவை. வகுப்பில் சேரலாம், ஆங்கிலப் படம் பார்க்கலாம், பத்திரிகை படிக்கலாம். அவற்றை ஏற்கெனவே யோசித்துச் சலித்தாயிற்று. ‘வேறென்ன?’ என்று விடாமல் கேட்கும்போதுதான் அதற்கடுத்த வழிகள் வருகின்றன. சிக்கினால் ஒரு தடையை மனத்தளவில் எடுத்துவிட்டுப் பார்க்கலாம்: யாரும் சிரிக்க மாட்டார்கள் என்றால் என்ன செய்வேன்? என் இடத்தில் என் நண்பன் இருந்தால் அவனுக்கு என்ன சொல்வேன்? இப்படிக் கேட்டு அவர் எழுதியவற்றில் சில: அறிக்கையை எழுதிவைத்து வாய்விட்டுப் படிப்பது; கைபேசியில் பதிவு செய்து கேட்பது; டீக்கடை நண்பரை ஞாயிறு மாலை அழைத்து அவரிடம் சொல்லிக் காட்டுவது; போன மாதக் கூட்டங்களில் தலைமை அலுவலகம் கேட்ட கேள்விகளைப் பட்டியல் போடுவது; முதல் வாரம் ஒரு நிமிடம் தான் சொல்லி மீதியை இளையவரிடம் விடுவது; கேமராவை அணைத்துவிட்டுப் பேசுவது; தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்பது. கடைசி இரண்டும் நடக்காது என்று தோன்றினாலும் அவை அங்கே இருக்கட்டும். அறிக்கையின் முதல் வரியைப் பழக்கமான மொழியில் வணக்கம் சொல்லித் தொடங்கலாமே என்ற யோசனை, அந்தக் கடைசி வழியிலிருந்துதான் அவருக்கு வருகிறது. பட்டியல் முடிந்த பிறகு, எதற்கு எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எது திங்கட்கிழமைக்கு நேரடியாக உதவும் என்று பார்த்து இரண்டு மூன்றை மட்டும் சுற்றிவைக்கலாம்.

கடைசிப் பக்கத்தில் ‘முயற்சி செய்வேன்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. என்ன செய்வேன், எந்த நாள், எத்தனை மணிக்கு, எது குறுக்கே வரும், வந்தால் என்ன செய்வேன், யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். அவர் எழுதுகிறார்: ‘தினமும் காலை 6 மணிக்கு அரை மணி நேரம் பேசிப் பதிவு செய்வேன்.’ அதற்குப் பக்கத்தில் விட்மோரின் சோதனை: இதை நிச்சயம் செய்வேன் என்பதற்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு கொடுப்பேன்? நேர்மையாக 5 போடுகிறார். காலையில் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். எட்டுக்குக் கீழே வந்தால் வேலையைச் சுருக்க வேண்டும், அல்லது கால அவகாசத்தைக் கூட்ட வேண்டும். அப்போதும் எட்டு வரவில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்பது விட்மோரின் கண்டிப்பு. அவர் மாற்றி எழுதுகிறார்: ‘ஞாயிறு இரவு 8 மணிக்கு நண்பரை அழைத்து அறிக்கையைச் சொல்லிக் காட்டுவேன். அவருக்கு முடியாவிட்டால் கைபேசியில் பதிவு செய்து கேட்பேன். திங்கட்கிழமை முதல் ஒரு நிமிடம் நான் பேசுவேன். இதை இன்றே இளையவரிடம் சொல்லிவிடுவேன்.’ இதற்கு 9 போட முடிகிறது. தினமும் அரை மணி என்ற பெரிய வாக்கை இரண்டே வாரத்தில் கைவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டு வாரம் கழித்து அதே நோட்டை எடுக்க வேண்டும். நடக்காமல் போயிருந்தால் இரண்டாவது பக்கத்துக்குத்தான் போக வேண்டும்: அந்த ஞாயிறு 8 மணிக்கு உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தேன்? பதில் ‘சோம்பேறித்தனம்’ என்று வந்தால், அதுவும் தீர்ப்புதான். ‘அந்த நேரம் அம்மாவிடம் பேசும் நேரம்’ என்று வந்தால், 9 மணிக்கு மாற்றிவிடலாம்.

இந்த முறை உதவாத இடங்களும் உண்டு. பதில் நமக்குள் இருக்கும், கேள்வி அதை வெளியே கொண்டுவரும் என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. வீட்டுப் பத்திரத்தில் வில்லங்கம், சர்க்கரை நோய்க்கு மருந்து, வரிக்கணக்கு போன்றவற்றில் நமக்குத் தெரியாத பதிலை எத்தனை கேள்வி கேட்டாலும் எடுக்க முடியாது. வழிகளின் பக்கம் காலியாகவே இருந்தால் அதுதான் அடையாளம். அப்போது எழுத வேண்டிய ஒரே அடுத்த அடி, தெரிந்தவரைப் பார்ப்பது. அதேபோல் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாத நிலை வாரக்கணக்கில் நீடிக்கும்போது இலக்கு எழுதச் சொல்லித் தன்னை வருத்திக்கொள்ளக் கூடாது. அங்கே தேவை மனநல மருத்துவர்.

மற்றபடி, நீங்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஏதாவது ஓர் ஆசையை எடுத்து இந்த வாரம் உட்காருங்கள். நான்கு பக்கத்தையும் ஒரே மூச்சில் நிரப்ப முடியாவிட்டால், இரண்டாவது பக்கத்தை மட்டுமாவது எழுதுங்கள். கடந்த ஒரு மாதத்தில் நடந்தவை மட்டும். கருத்து எதுவும் வேண்டாம்.