ஒரு மாவு, இரண்டு கை

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவுக்குள் பல படங்களை வரிசையாக வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற வசதி 2017இல் வந்தது. அப்போது அதிகபட்சம் 10 படங்கள். 2024இல் அது 20 ஆனது. இதற்குத்தான் கேரோசல் என்று பெயர். இடையில், 2021இல் ‘கொலாப்’ வந்தது. ஒரு பதிவை இரண்டு பேர் சேர்ந்து வெளியிடலாம். மேலே இருவர் பெயரும் இருக்கும். இருவர் பக்கத்திலும் அதே பதிவு நிற்கும். லைக்கும் கமெண்ட்டும் இருவருக்கும் பொது.

வசதி வந்த வேகத்தில் கூட்டுப் பதிவுகளும் பெருகின. ஆனால் பலவற்றில் மூன்றாவது ஸ்லைடு தாண்டியதும் ஏதோ தட்டும். விஷயம் சரியாகத்தான் இருக்கும், படமும் நன்றாக இருக்கும். எழுத்து மட்டும் திடீரென்று வேறு ஆளாக மாறியிருக்கும். வாசகர் காரணம் தேடிக்கொண்டு நிற்க மாட்டார், விரல் அடுத்த பதிவுக்குப் போய்விடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இரண்டு பெண்கள். ஒருவர் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவர். சமையலறை அறிவியலை நறுக்கான எழுத்துத் தமிழில் எழுதுவார். இன்னொருவர் மதுரைக்காரர். வாய்ப்பேச்சை அப்படியே எழுத்தாக்கிச் சமையல் சொல்கிறவர். இருவரும் சேர்ந்து ‘இட்லி மாவு ஏன் சில நாள் பொங்குவதில்லை’ என்று எட்டு ஸ்லைடு போடத் திட்டமிடுகிறார்கள். ஆளுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டு, தனித்தனியாக எழுதி ஒட்டினால் இப்படி வரும்.

மூன்றாவது ஸ்லைடு: “உளுந்தில் இயற்கையாகவே காணப்படும் லியூகோனோஸ்டாக் எனும் பாக்டீரியா, நொதித்தலின்போது கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிடுகிறது. இவ்வாயுவே மாவின் பருமன் அதிகரிக்கக் காரணமாகும்.”

நான்காவது ஸ்லைடு: “உளுந்த நல்லா புசுபுசுன்னு ஆட்டணும்ப்பா!! மிக்சில ஆட்டுனா சூடேறிப்போயிரும்ல, ஐஸ் தண்ணிய ஊத்து!”

இரண்டும் தனியாக நன்றாகவே இருக்கின்றன. பக்கத்தில் வைத்தால்தான் உதைக்கிறது. எது உதைக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் தவறான இடத்தில் கை வைக்கிறார்கள். ஒருவர் அறிவியல் பேசுகிறார், இன்னொருவர் பக்குவம் பேசுகிறார் என்பது சிக்கலே இல்லை. அதற்காகத்தான் இருவரும் சேர்ந்தார்கள். ‘லியூகோனோஸ்டாக்’ என்ற பெயரும் ‘புசுபுசு’ என்ற சொல்லும் ஒரே பதிவில் இருக்கலாம். தட்டுவது வினைமுடிவு. ‘வெளியிடுகிறது’, ‘காரணமாகும்’ என்று போய்க்கொண்டிருந்த காது, ‘ஊத்து’ என்றதும் விழித்துக்கொள்கிறது. முதல் ஸ்லைடு யாரையும் பார்த்துப் பேசவில்லை. அடுத்தது வாசகரை ஒருமையில் கூப்பிட்டு வேலை ஏவுகிறது. நடுவில் மரியாதையே மாறிவிட்டது. தமிழில் எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இருக்கிற தூரம் அதிகம் என்பதால், இந்தத் தட்டலும் நமக்கு அதிகமாகவே கேட்கும்.

ஆகவே எழுத உட்காருமுன் இருவரும் முடிவு செய்ய வேண்டியது வாசகரை எப்படி அழைப்பது, வாக்கியத்தை எப்படி முடிப்பது என்பதைத்தான். ‘நீங்க’ என்றா, ‘நீங்கள்’ என்றா? ‘ஆட்டுங்க’வா, ‘அரைக்கவும்’ என்றா? இந்தப் பதிவுக்குப் பேச்சு நடையே பொருந்தும் என்பேன். கைப்பேசித் திரையில் ஒரு ஸ்லைடில் இருபத்தைந்து முப்பது சொல்லுக்கு மேல் வைத்தால் எழுத்து பொடியாகிவிடும். எழுத்து நடையில் அந்த இடம் ‘காணப்படும்’, ‘எனும்’, ‘அதிகரிக்க’ என்பவற்றுக்கே தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் பேராசிரியர் மட்டும் இறங்கி வர வேண்டுமா? இல்லை, மதுரைக்காரரும் ஓரடி ஏற வேண்டும். அவர் விட வேண்டியது ‘போயிரும்ல’, ‘ஆட்டணும்ப்பா’ போன்ற, உச்சரிப்பை அப்படியே படம்பிடிக்கிற எழுத்துக்கூட்டலை. விடக் கூடாதது அவருடைய சொற்களை. பாத்திரத்தை அவர் ‘ஏனம்’ என்பாரானால் ‘ஏனம்’ என்றே இருக்கட்டும். ஒருவருடைய குரல் அவர் தேர்ந்தெடுக்கிற சொல்லிலும் அவர் கண்ணில் படுகிற விஷயத்திலும் இருக்கிறது. விகுதியைப் பொதுவாக்கினால் அது போய்விடாது. பேராசிரியருக்கும் இதே கணக்குத்தான். பாக்டீரியாவின் பெயரை அவர் விட்டுத்தர வேண்டியதில்லை, ‘இவ்வாயுவே’ என்பதை விட்டால் போதும்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. இரட்டைப் புலவர்கள் என்று இருவர். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் கால் நடக்காது என்று கதை சொல்வார்கள். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை இன்னொருவர் முடிப்பாராம். ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் குறும்பாகப் பதில் சொல்வார். இரண்டு ஆள் பேசுவது தெரியும், ஆனால் பாட்டு முறியாது. காரணம், யாப்பு இருவருக்கும் பொது. கேரோசலில் அந்தப் பொதுக் கட்டை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஸ்லைடுக்கு ஸ்லைடு தாண்டுகிற இடம். கேரோசலில் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு நொடி வெட்டு விழுகிறது. ஆள் மாறுவதும் அதே வெட்டில் நடந்தால் அதிர்ச்சி இரட்டிப்பாகும். இங்கே நமக்கு அந்தாதி கைகொடுக்கும். ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டைத் தொடங்குகிற அதே உத்தி. முன்சொன்ன இரண்டு ஸ்லைடையும் அப்படித் திருத்தினால்:

மூன்று: “மாவைப் பொங்க வைக்கிறது லியூகோனோஸ்டாக்னு ஒரு பாக்டீரியா. உளுந்தோடவே வருது. அது விடுற கார்பன் டை ஆக்சைடுதான் மாவைத் தூக்குது. அந்தக் காத்தை வெளியே விடாம பிடிச்சு வைக்கிறது, உளுந்தோட பசை.”

நான்கு: “அந்தப் பசை வரணும்னா உளுந்தைப் புசுபுசுன்னு ஆட்டணும். மிக்சியில ஆட்டுனா சூடேறிடும். ஐஸ் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு ஆட்டுங்க, அவசரப்படாதீங்க.”

முன்னது இன்னமும் பேராசிரியர்தான்: காரணத்தை அடுக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறார். பின்னது இன்னமும் மதுரைதான்: கையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி, கூடவே ஓர் அதட்டலும் போடுகிறார். ‘பசை’ இருவரையும் கோக்கிறது. எல்லா ஸ்லைடிலும் இதைச் செய்தால் வித்தை காட்டுவதுபோல் ஆகிவிடும், ஆள் மாறுகிற இடத்தில் மட்டும் போதும்.

படத்தின் அமைப்பும் இதில் சேர்த்தி. பின்னணி நிறம், எழுத்துரு, தலைப்பின் அளவு எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்க வேண்டும். யார் பேசுகிறார் என்று காட்ட, ஓரத்தில் ஒரு வண்ணக் கோடோ சிறு முகப்படமோ வைத்தால் தெரிந்துவிடும். ஆளுக்கொரு வார்ப்புரு என்று போனால், மேலே சொன்ன திருத்தமெல்லாம் வீண்.

இருவருக்கும் உண்மையிலேயே கருத்து வேறாக இருந்தால் என்ன செய்வது? எனக்கு இந்த வேலையில் பிடித்த இடம் இதுதான். கையால் கலக்கினால்தான் மாவு பொங்கும் என்பது பல வீடுகளின் நம்பிக்கை. பாக்டீரியா உளுந்திலேயே இருக்கிறது, கரண்டியால் கலக்கினாலும் பொங்கும் என்பது நுண்ணுயிரியல். ஒட்டுவேலையில் இந்த முரண்பாடு இரண்டு ஸ்லைடுகளில் தனித்தனியாகக் கிடந்து வாசகரைக் குழப்பும். அல்லது சண்டை வேண்டாமென்று இருவரும் பூசி மெழுகிவிடுவார்கள். இரண்டும் நஷ்டம். ஒரே ஸ்லைடில் நேருக்கு நேர் பேசவிட வேண்டும்:

“கை வச்சுக் கலக்குனாதான் பொங்கும்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“கரண்டியால கலக்குனாலும் பொங்கும். பாக்டீரியா உளுந்துலயே இருக்கு.”

“இருக்கட்டும். உப்பு கரைஞ்சுதான்னு என் கைக்குத்தான் தெரியும்.”

இங்கே இரண்டு குரலும் எவ்வளவு வேண்டுமானாலும் விலகி நிற்கலாம். உரையாடல் என்று தெரிந்துவிட்டால், மாற்றத்தை எதிர்பார்த்தே வாசகர் படிப்பார்.

எழுதும் முறையைப் பற்றி. ஆளுக்கு நாலு ஸ்லைடு என்ற பங்கீட்டை விடுவது நல்லது. முதலில் இருவரும் போனில் இதைப் பற்றிப் பேசி, பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாம். அதிலிருந்து ஒருவர் எட்டு ஸ்லைடையும் எழுதுவார். மற்றவர் தன் குரலில் வர வேண்டியதை மட்டும் திருத்துவார். கடைசியில் ஒருவர், ஒருவரே, முதலிலிருந்து முடிவு வரை வாய்விட்டு ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒட்டு இருக்கிறது. பெரும்பாலும் அது வினைமுடிவாக இருக்கும். சில நேரம் ஒரே பொருளுக்கு இரண்டு பெயராக இருக்கும்: ஓரிடத்தில் ‘நொதித்தல்’, இன்னோரிடத்தில் ‘புளிக்கிறது’. சில நேரம் எழுத்துக்கூட்டல், ‘மிக்ஸி’யும் ‘மிக்சி’யும்போல.

அளவு மீறித் தேய்த்துவிடுகிற ஆபத்தும் உண்டு. அப்படிச் செய்தால் பதிவு சுகாதாரத் துறைத் துண்டறிக்கை மாதிரி ஆகிவிடும். கண்டுபிடிப்பது எளிது. பெயர்களை மறைத்து, இருவரையும் தொடர்ந்து படிக்கிற ஒருவரிடம் கொடுங்கள். யார் வரி எது என்று அவருக்குத் தெரியவே இல்லையென்றால், கூட்டாக எழுதிய பயனே போய்விட்டது. தெரிகிறது, ஆனால் எங்கேயும் நிற்காமல் படித்து முடித்தார் என்றால் சரி. ‘இந்த இடத்தில் ஆள் மாறிட்டாங்களே’ என்று விஷயத்துக்கு முன்னால் அதைச் சொன்னாரென்றால், அந்த ஸ்லைடைத் திரும்ப எடுக்க வேண்டும்.

இந்தப் பதிவைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இருவரில் ஒருவர் முன்பின் தெரியாதவர். மதுரைக்காரரின் வாசகர்களுக்குப் பேராசிரியர் புதிது, அவருடைய வாசகர்களுக்கு இவர் புதிது. இரண்டாம் ஸ்லைடிலேயே ஒரு வரியில் அறிமுகம் நடந்துவிட வேண்டும், அதையும் பதிவுக்குள்ளிருந்தே செய்யலாம்: “மாவாட்டுறது நான். மாவுக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றது இவங்க.” ஆள் மாறுவதற்கான காரணம் இங்கேயே சொல்லப்பட்டுவிடுவதால், அடுத்தடுத்த மாற்றங்கள் உறுத்தாது.

கேப்ஷன் விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல். கொலாப் பதிவை ஒருவர்தான் போடுவார், மற்றவர் அழைப்பை ஏற்பார். கேப்ஷன் போட்டவர் கையில் இருக்கும், பதிவை அழிக்கிற அதிகாரமும் அவருக்கே. அதனால் கடைசி நிமிடத்தில் அவர் தன் வழக்கப்படி ஏதாவது எழுதிவிடுவார். ஸ்லைடுகளில் ‘நீங்க’ என்று இழைத்து இழைத்துச் செய்த பிறகு, கீழே “வாசக அன்பர்கள் தங்கள் கருத்துகளைப் பதிவிடவும்” என்று கிடக்கும். கேப்ஷனையும் ஒன்பதாவது ஸ்லைடாக நினைத்து, முன்கூட்டியே இருவருமாக எழுதி முடித்துவிடுவது நல்லது. கமெண்ட்டுகளில் அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அங்கே அவரவர் பெயரோடு பதில் போகிறது. பாக்டீரியா பற்றிக் கேட்டால் பேராசிரியர் தன் எழுத்துத் தமிழிலேயே பதில் சொல்லட்டும், ‘என் மாவு பொங்கலைக்கா’ என்று புலம்பினால் மதுரைக்காரர் ‘போயிரும்ல’ போட்டே எழுதட்டும்.