சிறு சங்கமும் வினாக்கொத்தும்

ஓர் ஊரின் தேவைகளை அறிந்து உதவ முனையும் சிறிய தொண்டுச் சங்கம் பெரும்பாலும் முதலில் செய்வது வினாக்களை எழுதத் தொடங்குவதேயாகும். காரியதரிசி பத்து வினாக்களைக் கூறுவார். தனாதிகாரி இன்னும் பத்தைச் சேர்ப்பார். கூட்டம் கலையும்போது அறுபது வினாக்கள் சேர்ந்திருக்கும். அவற்றைக் கேட்டு முடித்தபின், வந்து குவிந்த விடைகளை என்ன செய்வதென்பது ஒருவருக்கும் விளங்காது. வினாக்கொத்து ஒன்றைத் திட்டமிடுவோர் வினாவிலிருந்தன்றி, முடிவிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கிணற்று நீர் உவர்ப்பாயிருக்கும் பூநகரிப் பகுதியில் 320 குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்தைக் கற்பனை செய்துகொள்க. அங்கு பணிபுரியும் சங்கத்தில் சம்பளம் பெறுவோர் இருவர், தொண்டர்கள் பன்னிருவர். வருகின்ற ஆண்டில் அச்சங்கத்தின் பணம் ஒரேயொரு வேலைக்கே போதும். மழைநீர்த் தொட்டிகள் கட்டலாம். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். அல்லது கிளினிக் நாட்களில் முதியோரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்செல்ல ஒரு முச்சக்கர வண்டியை ஒழுங்குசெய்யலாம். இம்மூன்றில் எது என்பதே தீர்க்கப்படவேண்டிய விடயம்.

எனவே, முதலில் எழுதவேண்டியது வெற்று அட்டவணையாகும். “கடந்த ஏழு நாட்களில் குடிநீரை விலைக்கு வாங்கிய வீடுகள் எத்தனை? கடந்த மூன்று மாதங்களில் போகவேண்டிய கிளினிக்கைத் தவறவிட்டோர் உள்ள வீடுகள் எத்தனை? பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தும் மாலையில் படிப்பிப்பார் இல்லாத வீடுகள் எத்தனை?” என்று தலைப்புகளை இட்டு, எண்களுக்குரிய கட்டங்களை வெறுமையாக விடுதல் வேண்டும். பின்னர், ஒவ்வொரு கட்டமும் நிரம்புவதற்கு எந்த வினா வேண்டும் என்று பார்த்தால், பதினெட்டு வினாக்களுக்கு மேல் தேவைப்படமாட்டா. எந்தக் கட்டத்தையும் நிரப்பாத வினா, எத்துணைச் சுவையானதாயினும் நீக்கப்படவேண்டியதே. எண்பது வீடுகளில் பதினெட்டு வினாக்கள் என்றால் எண்ணவேண்டிய விடைகள் 1,440. அறுபது வினாக்கள் என்றால் 4,800. இரண்டு பேர் மாலைவேளையில் இருந்து எண்ணும் சங்கத்துக்கு இவ்வேறுபாடு பெரிது.

அடுத்து, வினா எவ்வாறு அமையவேண்டும் என்பது. “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்பதே நேரிய வழி எனப் பலர் எண்ணுவர். ஆயின், வாசலில் படிவத்துடன் வந்து நிற்பவர் எதைத் தரக்கூடியவர் என்று வீட்டார் ஊகித்து, அதற்கேற்ற விடையையே பெரும்பாலும் கூறுவர். தொட்டி கட்டும் சங்கம் என்று அறிந்தால் தொட்டி என்பர். “பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு இருந்தால் நல்லதுதானே?” என்று கேட்டால், இல்லையென்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆதலால், விருப்பத்தை விட்டு நடந்ததைக் கேட்பது நன்று. நேற்றுக் குடித்த நீர் எங்கிருந்து வந்தது, அதைக் கொண்டுவந்தவர் யார், போய்வர எவ்வளவு நேரம் சென்றது, பவுசர் நீருக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பன ஊகத்துக்கு இடங்கொடாத வினாக்கள். நினைவு தாங்கக்கூடிய கால எல்லையையும் வினாவிலேயே கூறுதல் வேண்டும். நீருக்கு ஏழு நாள் போதும். கிளினிக்குக்கு மூன்று மாதம் பொருந்தும். “சென்ற ஆண்டில் எத்தனை முறை?” என்றால் கிடைப்பது கணக்கன்று, மதிப்பு மட்டுமே.

வருமானத்தைக் கேட்கும் வினாவும் இத்தகையதே. கூலிவேலை செய்பவருக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லை. இருந்தாலும் அந்நியரிடம் சொல்ல அவர் விரும்பார். கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று கேட்டால் அவர் தயங்காது கூறுவார். வலுக்குறைந்தோர் பற்றிய வினாவிலும் அவதானம் தேவை. “வீட்டில் அங்கவீனர் உண்டா?” என்றால், கண்பார்வை மங்கிய பாட்டியாரை எவரும் அச்சொல்லால் குறிப்பிடார். ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001ஆம் ஆண்டில் அமைந்த வாஷிங்டன் குழு, அச்சொல்லையே தவிர்த்து வினாக்களை வகுத்தது. நடப்பதிலோ படியேறுவதிலோ கஷ்டம் உண்டா என்று கேட்டு, கஷ்டமில்லை, ஓரளவு கஷ்டம், மிகுந்த கஷ்டம், முடியவே முடியாது என நான்கு விடைகளை அது வைக்கின்றது. கிளினிக் வண்டி யாருக்கு வேண்டும் என்பதை அறிய இவ்வகை வினாவே உதவும்.

தமிழில் வினாக்கொத்து எழுதுவோருக்குத் தனிப்பட்ட இடர் ஒன்று உண்டு. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. “தங்கள் இல்லத்தின் குடிநீர் மூலம் யாது?” என்று அச்சிட்டால், பன்னிரு தொண்டரும் வாசலில் நின்று அதனைப் பன்னிரு விதமாகப் பேச்சுத்தமிழுக்கு மாற்றுவர். ஒருவர் “எங்க தண்ணி எடுக்கிறனீங்கள்?” என்பார், இன்னொருவர் “தண்ணிக்குக் கஷ்டமோ?” என்பார். இவை இரண்டும் ஒரே வினாவல்ல. இவற்றின் விடைகளை ஒன்றாகக் கூட்டவும் இயலாது. ஆகவே, வினாவைப் பேசப்படும் வண்ணமே எழுதிவிடல் வேண்டும்: “நேற்றுக் குடிச்ச தண்ணி எங்கயிருந்து எடுத்தனீங்கள்?” என்று அவ்வூர்ப் பேச்சிலேயே அச்சிட்டு, எழுத்துக்கெழுத்து வாசிக்கும்படி தொண்டரைப் பழக்குதல் வேண்டும். இலக்கணம் குறையுமாயினும் கணக்கு நிலைக்கும்.

எழுதியதும் அதனை அயற்கிராமம் ஒன்றில் ஐந்தாறு வீடுகளில் கேட்டுப் பார்த்தல் அவசியம். அங்கு கவனிக்கவேண்டியது விடைகளையல்ல, தடுமாற்றங்களையே. எந்த வினாவைத் திரும்பச் சொல்ல நேர்ந்தது, எதற்கு வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தனர், எதற்குப் படிவத்திலுள்ள விடைகளில் ஒன்றும் பொருந்தவில்லை என்று குறித்து வரவேண்டும். “தண்ணீரும் மலசலகூடமும் போதுமானவையா?” என்ற வினா இங்கேதான் அகப்படும், நீர் போதாது, மலசலகூடம் போதும் என்பவர் என்ன விடை கூறுவார்? அதை இரண்டாகப் பிரித்தல் வேண்டும். முழுப் படிவமும் இருபது நிமிடத்தைக் கடந்தால் இன்னும் குறைத்தல் வேண்டும்.

இனி, எந்த வீடுகளுக்குப் போவது? தொண்டர்களைத் தம் விருப்பப்படி போகவிட்டால், தெருவோரத்து வீடுகளும் தெரிந்தவர் வீடுகளுமே படிவத்தில் இடம்பெறும். நீர்க்கஷ்டம் மிகுந்த கடைக்கோடி வீடுகள் விடுபட்டுப்போம். கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, ஊரை ஒருமுறை நடந்து பார்த்து, பட்டியலில் இல்லாத குடிசைகளையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அவ்வாறு திருத்திய பட்டியலில் 320 குடும்பங்கள் இருப்பின், நான்கில் ஒன்றாக எண்பதைத் தெரியலாம். ஒன்று முதல் நான்கு வரை எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அது மூன்றாயின் 3, 7, 11 என்று தொடர்ந்து 319 வரை எண்ணினால் எண்பது வீடுகளும் வந்துவிடும். பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாக அடுத்த வீட்டைக் கேட்டல் ஆகாது. பகலில் வீட்டில் இருப்போரையே எங்கும் கேட்டால், கூலிக்குப் போவோரின் குரல் கணக்கில் வராது. மாலையிலும் விடுமுறை நாளிலுமாக இன்னும் இருமுறை சென்று பார்த்து, பின்னரும் இயலாவிடின் “காணவில்லை” என்று எழுதுதல் வேண்டும்.

பன்னிருவரும் இருவர் இருவராகச் சென்றால் ஆறு சோடிகள். ஒரு சோடி ஒரு நாளில் ஐந்து வீடுகள் பார்க்கக்கூடும். ஆகவே எண்பது வீடுகளுக்கும் மீண்டும் செல்லவேண்டியவற்றுக்கும் மூன்று அல்லது நான்கு விடுமுறை நாட்கள் போதும். கிழக்குப் பக்கத்தார் மேற்கிலும், மேற்குப் பக்கத்தார் கிழக்கிலும் கேட்கட்டும். கடனைப் பற்றி அயல்வீட்டுப் பிள்ளையிடம் எவரும் மனந்திறவார். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பெண் இருத்தல் நன்று. முதல் வினாவுக்கு முன்னரே, “இதுக்கு மறுமொழி சொன்னா உதவி கிடைக்கும் எண்டோ, சொல்லாட்டிக் கிடைக்காது எண்டோ இல்லை” என்று வாசித்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டுக்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் படிவத்தோடு வருவோர் புதியவரல்லர். பொய்யான நம்பிக்கை ஊட்டப்பட்டால் அடுத்த முறை கதவு திறவாது. படிவத்தில் வீட்டின் இலக்கம் மட்டும் இருக்க, பெயர்ப் பட்டியல் காரியதரிசியின் பெட்டியில் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும்.

அன்றன்று மாலையில், தொண்டர் வீடு திரும்புமுன் படிவங்களை ஒருவர் வாசித்துப் பார்த்தால், விடுபட்ட விடைகளை நினைவு மறையுமுன் திருத்தலாம். ஒரு சோடியின் படிவங்களில் எல்லாம் “தெரியாது” என்றோ ஒரே விடையோ வந்திருந்தால், அவர்கள் கேளாமலே நிரப்பினர் அல்லது கேட்கத் தெரியாது நின்றனர் என்று ஐயுறலாம். பத்து வீட்டுக்கு ஒன்றாகச் சங்கத்து ஊழியர் மீண்டும் சென்று மூன்று வினாக்களை மட்டும் கேட்டு ஒப்பிட்டால் உண்மை புலப்படும்.

இறுதியில் எண்களை அளவறிந்து வாசித்தல் வேண்டும். 320இல் எண்பது வீடுகளைக் கேட்டுப் பெறும் எண், ஊர் முழுவதற்குமான உண்மையிலிருந்து நூற்றுக்குப் பத்து வரை கூடியோ குறைந்தோ இருக்கக்கூடும். நீரை விலைக்கு வாங்குவோர் நூற்றுக்கு 54, மாலையில் படிப்பிப்பார் இல்லாதோர் நூற்றுக்கு 50 என்று வந்தால், முன்னது பெரிது என்று வாதாட இடமில்லை. 54க்கு எதிராக 25 என்று வந்தாலோ ஐயமில்லை. தனித்து வாழும் முதியோர் பத்து வீட்டுக்கு ஒன்றாயின், எண்பதில் அகப்படுவது எட்டு வீடுகளே. அவற்றைக்கொண்டு நூற்று வீதம் கூறுதல் பிழை. அத்தகையோரைத் தனியே தேடிச் சென்று கேட்டு, அவர்கள் கூறுவதைக் கதையாகவே எழுதிக்கொள்ளல் வேண்டும். தவறவிட்ட கிளினிக்குகள் எண்ணிக்கையில் சிறிதாயினும், அவற்றால் நேர்ந்த கேட்டை அக்கதைகளே காட்டும்.

எண்ணி முடிந்ததும், வெற்று அட்டவணையாக இருந்தது நிறைந்துவிட்டது. அதனைப் பெரிய தாளில் எழுதி, அவ்வூர் வாசிகசாலையிலோ கோயில் முன்றலிலோ விடை கூறியோர் முன்னிலையில் வாசித்தல் வேண்டும். “இந்த எண் சரியல்ல, கோடையில் வந்து கேட்டிருந்தால் வேறு” என்று ஒருவர் எழுந்து கூறுவாராயின், அதுவும் அட்டவணையின் அடியில் எழுதப்படவேண்டியதொரு செய்தியே. தொட்டியோ, வகுப்போ, வண்டியோ என்ற முடிவு அதன் பின்னரே எடுக்கப்படும்.