முதலில் டேப்பை எடுங்கள்

பள்ளி அரங்குக்கு புரொஜெக்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “4கே இருக்கா?” என்றுதான். அதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அரங்குக்குள் போனால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அளக்க வேண்டியவை இரண்டு: திரையின் அகலம், திரையிலிருந்து முதல் வரிசைக்கு உள்ள தூரம்.

ஓர் அரங்கை எடுத்துக்கொள்வோம். திரை 12 அடி அகலம். முதல் வரிசை 10 அடியில், கடைசி வரிசை 55 அடியில். ஃபுல் எச்டி புரொஜெக்டர் இந்த அகலத்தை 1920 புள்ளிகளாகப் பிரிக்கிறது. ஒரு புள்ளி 1.9 மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ள கண், 10 அடியில் 0.9 மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியைக்கூடத் தனியாகக் காணும். 30 அடி தள்ளிப் போனால் 2.7 மில்லிமீட்டருக்குக் குறைந்ததைக் காணாது. ஆக, 22 அடிக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ஃபுல் எச்டியே போதும். 4கே-யின் கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கு எட்டுவது முன்வரிசைகளுக்கு மட்டும். 1280 புள்ளிகள் கொண்ட மலிவான புரொஜெக்டரில் ஒரு புள்ளி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அரங்கின் முன்பாதிக்குப் படம் சொரசொரப்பாகத் தெரியும். தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் மசமசக்கும்.

எனவே இந்த அளவு அரங்குக்கு ஃபுல் எச்டி என்பது என் தீர்ப்பு. மிச்சப் பணத்தை வெளிச்சத்துக்கும் ஜன்னல் திரைச்சீலைக்கும் செலவிடலாம். ஆனால் பெட்டியில் ‘ஃபுல் எச்டி சப்போர்ட்’ என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். அந்த சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதே அதன் பொருள். விவரத்தாளில் ‘நேட்டிவ் ரெசொலூஷன்’ என்ற வரியில் 1920 × 1080 இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கு வரும் எல்இடி திரை இன்னொரு கதை. பளபளப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பி 3.91 என்ற வகையில் புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர் இடைவெளி. 12 அடிக்கு ஏறக்குறைய 940 புள்ளிகள்தான் தேறும். ஃபுல் எச்டியில் பாதிகூட இல்லை. நடனத்துக்குச் சரி, மார்க் பட்டியலைக் காட்ட உதவாது.

இனி படத்துக்கு வருவோம். ஆண்டு விழாக் குறும்படத்தை முந்தின நாள் எல்லோரும் போனில் பார்த்து, “சூப்பர் சார்” என்றிருப்பார்கள். பொய்யில்லை. ஓர் அடி தூரத்தில் பிடித்த போனில் வீடியோ கண்ணுக்கு எவ்வளவு பெரிதோ, 30 அடியிலிருந்து பார்க்கும் 12 அடித் திரையும் ஏறத்தாழ அவ்வளவே. பின்வரிசைக்குக் குறை தெரியாது. 10 அடியில் உட்கார்ந்திருப்பவருக்கோ அதே படம் மூன்று மடங்கு பெரிது. அங்கே சோபா போட்டு உட்கார வைத்திருப்பது சிறப்பு விருந்தினரை!

வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்த வீடியோ, பெரும்பாலும் 850 புள்ளி அகலத்துக்குச் சுருங்கியிருக்கும். அளவைக் குறைப்பதற்காக அது படத்தை 16 × 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நுட்பமான விவரங்களைக் கழித்துவிடுகிறது. அந்தக் கட்டம் போனில் 2 மில்லிமீட்டர்தான்; கண்ணில் படாது. 12 அடித் திரையில் அதுவே கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் சதுரம். இருட்டான காட்சியிலும் வேகமாக ஆடும் நடனத்திலும் கட்டங்கள் துலங்கித் தெரியும். எந்த 4கே கருவியும் கழிந்ததைத் திருப்பித் தராது. ‘ஷார்ப்னஸ்’ என்பதைக் கூட்டினால் கட்டத்தின் ஓரங்கள்தான் இன்னும் கூர்மையாகும்.

பழைய விசிடி இன்னும் மோசம்: 352 புள்ளி அகலம், திரையில் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர். அப்படிப்பட்ட படம் கட்டாயம் வேண்டுமென்றால் திரை முழுக்க விரிக்காதீர்கள். கறுப்புப் பின்னணியின் நடுவே 5 அடி அகலத்தில் ஓட்டினால் பார்க்கும்படி இருக்கும். குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகத்துக்கும் இதே வைத்தியம்.

சில நேரம் படம் நன்றாக இருந்தும் மங்கலாகத் தெரியும். அப்போது லேப்டாப்பைச் சந்தேகியுங்கள். அதன் திரை 1366 × 768 ஆக இருந்து, புரொஜெக்டருக்கும் அதே காட்சி போனால், 1366 புள்ளிகளை 1920-ஆக இழுக்கும்போது எழுத்தின் ஓரம் கலங்கும். விண்டோஸில் Win + P அழுத்தி Extend என்று மாற்றி, புரொஜெக்டருக்கு 1920 × 1080 தேர்ந்தெடுத்தால் சரியாகும். கோணலாக மாட்டிய புரொஜெக்டரை ‘கீஸ்டோன்’ பொத்தானால் நேராக்கினாலும் புள்ளிகள் வீணாகும். கருவியையே நேராக மாட்டுவது நல்லது.

வீடியோ எடுத்தவரிடம் மூலக் கோப்பைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்தான் வழியென்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது அது சுருங்காது. விழாவுக்கு முந்தின நாள் அந்த சோபாவில் ஐந்து நிமிடம் நீங்களே உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிடுங்கள்.