அன்னையர் தினத்திற்கு ஒரு மின்னஞ்சல்

அன்னையர் தினம் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. வீட்டிலே கேக் செய்து விற்கும் சகோதரிகள் சிலர், அன்று ஒரே வாழ்த்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுகின்றனர். அது துண்டுப்பிரசுரம் போலவே ஒதுக்கப்படுகின்றது.

முதலில் ஓடர் கொப்பியைத் திறவுங்கள். சென்ற ஆண்டு யார், என்ன வாங்கினார் என்பது அதில் உண்டு. அதிலிருந்து ஒரு விடயம் போதும்:

"அன்புள்ள அக்கா, போன வருடம் அம்மாவுக்குச் சீனி குறைத்து 1 கிலோ பட்டர் கேக் கேட்டீர்கள். இம்முறையும் அப்படியே செய்யட்டுமா? சனிக்கிழமை எங்கள் போறணையில் 12 கேக் மட்டுமே போடலாம். புதன் மாலைக்குள் சொல்லுங்கள்."

முதல் வரி அவருக்கு மட்டுமே பொருந்தும். 12 என்பது உண்மைக் கணக்காக இருக்க வேண்டும். பின்னர் 20 கேக் விற்றால் அடுத்த ஆண்டு எவரும் நம்பமாட்டார்.

இருபது பேருக்கென்றால் தனித்தனியாகவே அனுப்புங்கள். ஒன்றாக அனுப்பினால் ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடும். Bcc பகுதியில் இட்டால் முகவரிகள் மறையும். ஆனால் அவரவர்க்குரிய வரியை எழுத முடியாது.

அனுப்புமுன் இன்னொரு முறை கொப்பியைப் பாருங்கள். இவ்வாண்டு தாயை இழந்தவருக்கு இதே வரி காயமாகும். அவர் பெயருக்கு எதிரே அடையாளமிட்டு, இக்கடிதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.