பிஸ்கட் டப்பாவில் இருந்த மூன்றாவது பட்டியல்

"அம்மாவுக்கு 71 வயது. இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறியதால் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு மருந்துப் பட்டியல், வழக்கமான டாக்டர் சீட்டில் வேறொன்று. எதைக் கொடுப்பது?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாத்திரை போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள் என்று பதில் எழுதினேன். மூன்றாவது பட்டியல் அதில் இருந்தது.

பழைய சீட்டில் லோசார்டன் 50 மி.கி. காலையில், மெட்ஃபார்மின் 1000 மி.கி. இரு வேளை. மருத்துவமனைப் பட்டியலில் டெல்மிசார்டன் 40, ஃபுரோசெமைடு 40 இரண்டும் காலையில், மெட்ஃபார்மின் 500 இரு வேளை. டப்பாவில் இவை எல்லாமே இருந்தன. கூடவே எந்தச் சீட்டிலும் இல்லாத அசிக்ளோஃபெனாக் 100, காலையும் இரவும். "மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, அதெல்லாம் மருந்தா?" என்றாராம் அம்மா. லோசார்டனும் டெல்மிசார்டனும் ஒரே வேலையைச் செய்யும் ஒரே குடும்பத்து மருந்துகள். பெயர் வேறு என்பதால் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். மெட்ஃபார்மினில் பழைய அட்டையே ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியது வீணாகக் கூடாதே.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டியை, நடுவில் துளைகள் போட்ட தோட்டக் குழாயாக நினைத்துக்கொள்ளுங்கள். துளைகளில் நீர் பீச்ச அழுத்தம் வேண்டும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தோட்டக்காரர் ஒரு கையால் நுழைவாயில் குழாயை அகலத் திறப்பார், மறு கையால் வெளியேறும் முனையை இறுக்கிப் பிடிப்பார். அழுத்தம் குறையாது. திறக்கும் கை புரோஸ்டாகிளாண்டின், இறுக்கும் கை ஆஞ்சியோடென்சின். அசிக்ளோஃபெனாக் முதல் கையைக் கட்டுகிறது. சார்டன் மருந்துகள் இரண்டாம் கையைக் கட்டுகின்றன. ஃபுரோசெமைடு தொட்டியையே வடிக்கிறது. தனித்தனியே ஒவ்வொன்றையும் தோட்டக்காரர் சமாளிப்பார். மூன்றும் சேர்ந்தால் கைகட்டி நின்று காய்ந்த செடியைப் பார்க்க வேண்டியதுதான். அவர் வேலையை விட்டே போய்விட்டால் டயாலிசிஸ் என்னும் ஒப்பந்தக்காரர் வருவார், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், கூலியும் அதிகம்.

இன்னொரு குறும்பும் உண்டு. அசிக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அனுப்பியதில் மூட்டு மாத்திரைக்கும் பங்கு இருந்திருக்கலாம். அதன் விளைவைக் குறைக்கத்தான் ஃபுரோசெமைடு எழுதினார்களோ என்னவோ.

வரலாற்றை ஒரு பத்தியில் முடிக்கிறேன். பட்டியல்களை ஒப்பிடுவதை அமெரிக்காவின் கூட்டு ஆணையம் 2005-இல் நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம், தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துப் பாதிப்புகளை ஐந்தாண்டுகளில் பாதியாக்குவோம் என்று அறிவித்தது. ஐந்தாண்டுகள் முடிந்து வெகு நாளாகிறது. இப்போது எல்லாச் சீட்டுகளையும் இணைக்கிறோம் என்று செயலிகள் வருகின்றன. இணைக்கட்டும். பிஸ்கட் டப்பாவுக்குள் எந்தச் செயலி எட்டிப் பார்க்கும்?

பட்டியல்கள் வேறுபடுவதே தவறு ஆகிவிடாது. டாக்டர் வேண்டுமென்றே மாற்றியிருக்கலாம். காரணம் எழுதாததுதான் கோளாறு. லோசார்டன் டெல்மிசார்டன் ஆனது ஏன் என்று வாசகர் மருத்துவமனையில் கேட்டார். அவர்கள் மருந்தகத்தில் அதுதான் இருப்பு! மெட்ஃபார்மின் குறைந்ததற்கு மட்டும் நிஜக் காரணம் இருந்தது. சேர்த்த அன்று கிரியாட்டினின் 1.4, அவர் வயதுக்கு வடிகட்டும் திறன் ஏறக்குறைய 40. அந்த நிலையில் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் கூடாது. அதை விளக்கும் ஒரு வரி சம்மரியில் இல்லை.

மூன்று பட்டியல்களையும் எடுத்துக்கொண்டு வழக்கமான டாக்டரிடம் போனார்கள். அரை மணி நேரத்தில் ஒரே தாள் தயாரானது. டெல்மிசார்டன் 40, காலை ஒன்று, தொடரட்டும். லோசார்டன் நிறுத்தம், காரணம்: அதே வகை, இரட்டிப்பு. ஃபுரோசெமைடு 40, காலை ஒன்று, புதிது, காரணம்: கால் வீக்கம், மூச்சுத் திணறல்; தினமும் எடை பார்க்கவும். மெட்ஃபார்மின் 500, காலை, இரவு உணவோடு, குறைப்பு, காரணம்: கிரியாட்டினின் 1.4. அசிக்ளோஃபெனாக் நிறுத்தம், காரணம்: சிறுநீரகம், இதயம், மூட்டு வலித்தால் மட்டும் பாரசிட்டமால் 650, நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பத்து நாளில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்க வேண்டும். மேலே தேதி, கீழே கையெழுத்து.

நீங்களும் இப்படித் தாள் எழுதலாம், ஆனால் எதையும் நிறுத்தும் பேனா டாக்டர் கையில் இருக்கட்டும். அட்டையின் பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கழித்து வாசகர் மறுபடி எழுதினார். கிரியாட்டினின் 1.1. தாளில் 'குறைப்பு, காரணம்: கிரியாட்டினின் 1.4' என்றிருந்ததைப் படித்த டாக்டர், மெட்ஃபார்மின் அளவை மீண்டும் யோசிக்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.